கவுன்ட் குறைவு, ஆனால் நோய் இல்லை

லண்டனில் வசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். வயது 34. பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். புது வேலையில் சேர்வதற்காக ரத்தப் பரிசோதனை செய்கிறார். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன. வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை மட்டும் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,400 என்று வந்திருக்கிறது. அதில் நியூட்ரோஃபில்கள் 40 சதவீதம். மொத்தத்தை இந்தச் சதவீதத்தால் பெருக்கினால் 1,360. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆய்வகம் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அனுப்புகிறது.

நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,500-க்குக் கீழே இருந்தால் அதை ‘நியூட்ரோபீனியா’ என்று மருத்துவம் குறிக்கும். அந்த ஆசிரியருக்கோ அடிக்கடி காய்ச்சல் வந்ததில்லை, வாய்ப்புண் இல்லை, சீழ்க்கட்டி வந்த நினைவே இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் எண்ணிக்கை ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறது. அவருடைய அப்பாவின் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அதிலும் இதே கதை. இப்படிப்பட்டவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தத்தில் நோய் எதுவும் இல்லை. ஆனால் நோயாளி என்று தவறாகக் கணிக்கப்பட்டதால் அவர்களில் பலர் நிஜமாகவே பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

மருத்துவர்கள் இந்த எண்ணைக் கண்டு பதறுவதில் நியாயம் உண்டு. உடலுக்குள் பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்தால் முதலில் அங்கே போய்ச் சேர்ந்து அதை விழுங்கி அழிப்பவை நியூட்ரோஃபில்கள். இவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சில மணி நேரம் ரத்தத்தில் சுற்றிவிட்டு, திசுக்களுக்குள் இறங்கிவிடும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவருக்கு மஜ்ஜையின் உற்பத்தி நின்றுபோய் எண்ணிக்கை 500-க்குக் கீழே சரிந்தால், சாதாரணக் கிருமித் தொற்றுகூட ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த நிலையில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே அவசர சிகிச்சைதான். அதனால் ‘நியூட்ரோஃபில் குறைவு’ என்ற சொற்களைக் கேட்டதும் மருத்துவர்கள் எச்சரிக்கை அடைவது பயிற்சியால் வந்த பழக்கம்.

ஆனால் 1,500 என்ற அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? ஆய்வக ரிப்போர்ட்டில் ‘இயல்பு அளவு’ என்று அச்சாகியிருப்பது இயற்கை வகுத்த எல்லை அல்ல. நலமாக இருக்கும் ஒரு கூட்டம் மக்களின் ரத்தத்தை எடுத்து எண்ணி, மேல்கோடியில் இருப்பவர்களையும் கீழ்க்கோடியில் இருப்பவர்களையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நடுவிலுள்ள 95 சதவீதம் பேருடைய அளவை ‘இயல்பு’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லையும் மாறும். நாம் இன்று பயன்படுத்தும் அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தை வைத்து உருவானவை.

அமெரிக்காவில் நாடு தழுவிய உடல்நலக் கணக்கெடுப்பில் கலந்துகொண்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்த விவரங்களை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியானது. கறுப்பினத்தவர்களில் 4.5 சதவீதம் பேருக்கு நியூட்ரோஃபில் 1,500-க்குக் கீழே இருந்தது. வெள்ளையர்களில் 0.79 சதவீதம், மெக்சிகோ வம்சாவளியினரில் 0.38 சதவீதம். ஏமன் நாட்டு யூதர்கள், எத்தியோப்பியர்கள், அரேபியத் தீபகற்பத்து அரபு மக்கள் ஆகியோரிடமும் இதே போக்கு காணப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்கர்களும் ஏமன் யூதர்களும் மொழியாலும் மதத்தாலும் வேறுவேறானவர்கள். அவர்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன என்ற கேள்விக்கான விடை சிவப்பணுவில், மலேரியாவின் கதையில் ஒளிந்திருந்தது.

1950-இல் லண்டனில், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்த ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் ரத்தத்தில் புதுவகை எதிர்ப்பொருள் ஒன்றை மருத்துவர்கள் கண்டார்கள். ஏ, பி, ஓ போல, சிவப்பணுவின் மேற்பரப்பில் இன்னொரு அடையாளம் இருப்பது அதனால் தெரியவந்தது. அந்த நோயாளியின் குடும்பப் பெயராலேயே அதற்கு ‘டஃபி’ என்று பெயரிட்டார்கள். இதில் டஃபி ஏ, டஃபி பி என்று இரண்டு வகை உண்டு. பெரும்பாலான மனிதர்களின் சிவப்பணுவில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலோ ஏறத்தாழ எல்லோருக்கும் இரண்டுமே கிடையாது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் அப்படித்தான்.

ஏன் என்பதை 1976-இல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் மில்லரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி தாங்கிய கொசுக்களிடம் கடிபட்டிருந்த தன்னார்வலர்களின் ரத்த வகையை அவர்கள் சோதித்தார்கள். டஃபி அடையாளம் இல்லாதவர்கள் மட்டுமே நோயிலிருந்து தப்பியிருந்தார்கள். வைவாக்ஸ் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் பிடி அந்த டஃபிதான். பிடி இல்லாவிட்டால் உள்ளே நுழைவது மிகக் கடினம். மடகாஸ்கர் போன்ற சில இடங்களில் டஃபி இல்லாதவர்களுக்கும் இந்த மலேரியா வந்திருப்பது பின்னால் தெரியவந்தது என்றாலும், பாதுகாப்பு பெரிய அளவில் இருப்பது உண்மை. தலைமுறை தலைமுறையாக மலேரியாவின் நடுவே வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களிடம் இந்த மாற்றம் நிலைத்துப் பரவியதற்கு அந்தப் பாதுகாப்பே காரணம் என்று கருதப்படுகிறது. சென்னையில் நீண்டகாலமாகப் பரவலாக இருந்த மலேரியா வைவாக்ஸ் வகைதான். தமிழர்களின் சிவப்பணுக்களில் டஃபி இருப்பதால் அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை.

மாற்றம் மிகச் சிறியது. முதலாம் குரோமோசோமில் டஃபிக்கான மரபணு இருக்கிறது. அந்த மரபணுவைச் சிவப்பணுக்களில் இயங்கவைக்கும் ‘சுவிட்ச்’ பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை 1995-இல் கண்டுபிடித்தார்கள். சுவிட்ச் வேலை செய்யாததால் சிவப்பணுவில் மட்டும் டஃபி தோன்றுவதில்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவர் போன்ற மற்ற இடங்களில் அது வழக்கம்போலவே இருக்கும்.

இதற்கும் நியூட்ரோஃபில்லுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. 2009-இல் டேவிட் ரைக் தலைமையிலான குழு அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களை ஆராய்ந்தது. பல தலைமுறைக் கலப்பால் அவர்களுடைய மரபணுத் தொகுதியில் சில பகுதிகள் ஆப்பிரிக்க முன்னோரிடமிருந்தும் சில பகுதிகள் ஐரோப்பிய முன்னோரிடமிருந்தும் வந்திருக்கும். எந்தப் பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தால் நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறைகிறது என்று தேடியபோது, விடை நேராக டஃபி மரபணுவின் அந்த ஒற்றை எழுத்தில் வந்து நின்றது. மாறிய எழுத்து அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி வந்திருந்தால்தான் எண்ணிக்கை தெளிவாகக் குறைகிறது.

சிவப்பணுவில் ஏற்பட்ட மாற்றம் வெள்ளையணுவை எப்படித் தொடுகிறது? மஜ்ஜையில் சிவப்பணுக்கள் முதிர்வதற்கு முன், கருவோடு இருக்கும் பருவத்தில், அவற்றின் மேல் டஃபி நிறைய இருக்கும். ரத்தத்தின் எல்லா அணுக்களுக்கும் தாயான ஸ்டெம் செல்கள் இவற்றோடு ஒட்டி உறவாடுகின்றன. டஃபி இல்லாதபோது அந்த உறவு மாறி, சற்று வேறு குணமுள்ள நியூட்ரோஃபில்கள் உருவாகின்றன என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த நியூட்ரோஃபில்கள் ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்கு எளிதாக வெளியேறுபவை. அதனால் ரத்தத்தில் எண்ணும்போது குறைவாகத் தெரிகின்றன.

நாம் ஊசி போட்டு எடுப்பது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்தை மட்டும்தான். உடலிலுள்ள நியூட்ரோஃபில்களில் அது சிறு பங்கு. பெரும் கையிருப்பு மஜ்ஜையில் இருக்கிறது; ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டும் மண்ணீரல் முதலிய உறுப்புகளிலும் இன்னும் ஏராளம் உண்டு. சாலையில் ஓடும் பேருந்துகளை மட்டும் எண்ணி ஊரில் மொத்தம் எத்தனை பேருந்து என்று சொல்ல முடியாது. பணிமனையில் நிற்பவை கணக்கில் வராது. டஃபி இல்லாதவர்களின் மஜ்ஜையைப் பரிசோதித்தால் உற்பத்தி சரியாகவே இருக்கிறது. நோய்த்தொற்று வரும்போது தேவையான இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் போய்ச் சேருகின்றன. இவர்களுக்குத் தொற்றுகள் மற்றவர்களைவிட அதிகம் வருவதாகவும் காணப்படவில்லை. சிகிச்சை தேவையில்லை என்பதற்கு இதுவே அடிப்படை. நியூட்ரோஃபில்லைக் கூட்டும் ஊசிக்கும் வேலை இல்லை, இரும்புச்சத்து மாத்திரைக்கும் வேலை இல்லை.

பாஸ்டனில் நலமாக இருந்த 120 கறுப்பினத்தவர்களை டஃபி வகைப்படி பிரித்துப் பார்த்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 80 பேருக்கு டஃபி இல்லை. அவர்களுடைய நியூட்ரோஃபில் எண்ணிக்கையின் நடுமதிப்பு 2,820. டஃபி உள்ள 40 பேருக்கு அது 5,005. ஒரே இனத்தவர் என்று எழுதப்படுபவர்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு! இதுவரை ‘இனம் சார்ந்த தீங்கற்ற நியூட்ரோபீனியா’ என்று சொல்லி வந்ததை, ‘டஃபி இன்மை சார்ந்த நியூட்ரோஃபில் எண்ணிக்கை’ என்று மருத்துவ உலகம் இப்போது மாற்றிச் சொல்கிறது. காரணம் ஒரு மரபணு எழுத்து. தோலின் நிறத்தை வைத்து அதை ஊகிக்க முடியாது.

இது தெரியாததால் நேரும் இழப்புகளில் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி மஜ்ஜையை எடுப்பார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தாலும் வலிக்கும். ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களிடம் செய்யப்பட்ட இத்தகைய பரிசோதனைகளை அலசி 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளையணு மட்டும் குறைவு என்ற காரணத்துக்காகச் சோதிக்கப்பட்டவர்களில், டஃபி இல்லாதவர்களுக்கு 97 சதவீதம் முடிவு இயல்பாக இருந்தது. மற்றவர்களுக்கு அது 55 சதவீதம். முன்கூட்டியே ஒரு டஃபி பரிசோதனை செய்திருந்தால் அந்த 97 சதவீதத்தில் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது.

அதைவிடப் பெரிய இழப்பு மருந்து கிடைக்காமல் போவது. இதற்கு க்ளோசபின் தெளிவான உதாரணம். இரண்டு மருந்துகள் கொடுத்தும் குணம் தெரியாத மனச்சிதைவு நோய்க்கு இதைப்போலப் பலன் தரும் மருந்து வேறில்லை. ஆனால் அரிதாகச் சிலருக்கு இந்த மருந்தால் நியூட்ரோஃபில்கள் அடியோடு அற்றுப்போகும். 1975-இல் பின்லாந்தில் இதனால் 8 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, ரத்தத்தைத் தவறாமல் எண்ணிப் பார்த்துத்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. பிரிட்டனில் முதல் 18 வாரங்களுக்கு வாரம் ஒருமுறை, பிறகு ஓராண்டு நிறையும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்பது அங்கே நெடுங்காலம் இருந்த நடைமுறை. முடிவுகளைச் சிக்னல் விளக்கைப் போல பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகைப்படுத்தினார்கள். பொது விதிப்படி நியூட்ரோஃபில் 2,000-க்கு மேல் பச்சை. 1,500 முதல் 2,000 வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும்.

இந்த விதியை ஒருவரிடம் பொருத்திப் பார்ப்போம். டஃபி இல்லாத ஒரு பெண்ணுக்கு க்ளோசபின் தேவைப்படுகிறது. மொத்த வெள்ளையணு 3,900, நியூட்ரோஃபில் 44 சதவீதம், அதாவது 1,716. பொது விதிப்படி இது மஞ்சள். மருந்தைத் தொடங்கவே முடியாது. சிரமப்பட்டுத் தொடங்கினாலும், ஏழாவது வாரம் மொத்தம் 3,400, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்று வந்தால் கணக்கு 1,360-க்கு இறங்கும். அது சிவப்பு. மருந்து நின்றுபோகும், மாயக்குரல்கள் திரும்பக் கேட்கத் தொடங்கும். இத்தனைக்கும் அந்த 1,360 அவருடைய உடம்புக்கு இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியதாகவே இருக்கலாம்.

இத்தகையவர்களுக்காகத் தனி எல்லைகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி 1,500-க்கு மேல் பச்சை. 1,000 முதல் 1,500 வரை மஞ்சள். 1,000-க்குக் கீழேதான் சிவப்பு. இப்போது அதே பெண்ணின் 1,716 பச்சையாகிறது, மருந்து தொடங்குகிறது. ஏழாவது வாரத்தின் 1,360 மஞ்சளாகிறது. மருந்தை நிறுத்தாமல், எண்ணிக்கை மேலேறும்வரை வாரம் இரண்டுமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவும் 2015-இல் இதேபோலத் தனி எல்லை கொடுத்தது: மற்றவர்களுக்கு மருந்து தொடங்க 1,500 வேண்டும், இவர்களுக்கு 1,000 போதும். எல்லையைத் தாழ்த்தியதால் கண்காணிப்பு கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டஃபி இல்லாதவருக்கும் க்ளோசபினால் நியூட்ரோஃபில் அற்றுப்போகலாம். அவருடைய சொந்த அளவிலிருந்து எவ்வளவு கீழே போகிறது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல்.

கீமோதெரபியிலும் இதே சிக்கல். அடுத்த தவணைக்கு நியூட்ரோஃபில் இத்தனை இருக்க வேண்டும் என்ற விதியால், இவர்களுக்குத் தவணை தள்ளிப்போகிறது அல்லது மருந்தின் அளவு குறைக்கப்படுகிறது. புதிய மருந்துகளுக்கான பரிசோதனைகளில் சேரவும் பலருக்கு இந்த எண் தடையாக நிற்கிறது.

குறைந்த எண்ணிக்கை தீங்கற்றதுதான் என்று ஒரு மருத்துவர் எப்படி முடிவுக்கு வருகிறார்? முதலில், சில வாரங்கள் விட்டு மறுபடியும் எண்ணுகிறார். அண்மையில் வந்த வைரஸ் காய்ச்சலால் எண்ணிக்கை தற்காலிகமாக இறங்கியிருக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்கிறார். எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி. 4,000-இல் இருந்தவர் 1,300-க்கு வந்திருந்தால் அது வேறு கதை. ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். அடிக்கடி வரும் தொற்று, வாய்ப்புண், ஈறு வீக்கம், உடல் எடை குறைதல் உண்டா என்று விசாரிக்கிறார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்கிறார். தைராய்டு மருந்துகளில் சிலவும் வலிப்பு மருந்துகளில் சிலவும் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியவை. தேவைப்பட்டால் வைட்டமின் பி12, ஃபோலேட், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி வைரஸ்களுக்கான சோதனைகள். கூடவே டஃபி பரிசோதனை: ரத்த வங்கியில் சிவப்பணுவைச் சோதித்தால் டஃபி ஏ, டஃபி பி இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இரண்டும் இல்லை, வேறு காரணமும் தென்படவில்லை என்றால் விஷயம் அதோடு முடிந்தது.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைத் தவறாமல் மனத்தில் கொள்ள வேண்டும். டஃபி இல்லாத ரத்தம் தமிழர்களிடம் மிக அரிது. நம் வீட்டில் ஒருவருக்கு நியூட்ரோஃபில் குறைந்திருந்தால், இது பரம்பரையாக வருவது, ஒன்றும் செய்யாது என்று இந்தக் கட்டுரையைக் காட்டித் தள்ளிவிடக் கூடாது. வைரஸ் காய்ச்சல், மருந்து, சத்துக்குறைவு, தன்னுடல் தாக்கு நோய், மஜ்ஜை நோய் ஆகியவற்றில் எது காரணம் என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதேபோல, டஃபி இல்லாத ஒருவருக்கும் இந்தக் காரணங்களில் ஒன்று கூடவே வந்து சேரலாம். அவருக்கும் எண்ணிக்கை வழக்கத்தைவிட இறங்கினாலோ, 1,000-க்குக் கீழே போனாலோ, மற்ற அணுக்களும் குறைந்தாலோ மறுபடியும் தேடித்தான் ஆக வேண்டும்.

வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் பணியாற்றும் தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் டஃபி இல்லாதவர்களை அடிக்கடி சந்திப்பவர்கள். ஏமன் நாட்டவருக்கோ நைஜீரியருக்கோ 1,300 என்று ரிப்போர்ட் வந்தால், மஜ்ஜை ஊசிக்குச் சீட்டு எழுதுவதற்கு முன்னால், மருந்தை நிறுத்துவதற்கு முன்னால், டஃபி பரிசோதனை செய்தாயிற்றா என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை என்று தெரிந்தால் அதை நோயாளியின் பதிவேட்டில் எழுதி, அவருடைய வழக்கமான எண்ணிக்கையையும் கூடவே குறித்து, ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். அடுத்த மருத்துவமனையில் இதே தேடலை முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அந்த ஒரு தாள் போதும்.